எட்டு நிமிடத் திட்டம்: ‘எந்த அளவுக்கு உடன்படுகிறீர்கள்?’ என்ற வினாவை அணுகும் முறை

“ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததற்குப் பொருளாதாரப் பெருமந்தமே காரணம்.” இந்தக் கூற்றுடன் எந்த அளவுக்கு உடன்படுகிறீர்கள்?

வினாத்தாளில் இருப்பது இவ்வளவுதான். விடை எழுதக் கிடைப்பது 45 நிமிடம். பாடத்தை நன்றாகப் படித்த மாணவருக்கு இந்த வினாவைக் கண்டதும் கை பரபரக்கும். 1919இன் வெர்சாய் உடன்படிக்கையில் தொடங்கி, 1923இன் பணவீக்கம், 1929இன் அமெரிக்கப் பங்குச் சந்தை வீழ்ச்சி, 1933 ஜனவரி என்று தெரிந்ததையெல்லாம் வரிசையாக எழுதித் தள்ளுவார். நான்கைந்து பக்கம் நிரம்பிவிடும். மதிப்பெண் மட்டும் பாதியிலேயே நின்றுவிடும். அந்த விடையில் தகவல் பிழை எதுவும் இருக்காது. கேட்ட கேள்விக்குப் பதில்தான் இருக்காது.

இவ்வகை வினா இன்று பல தேர்வுகளில் வருகிறது. இன்டர்நேஷனல் பாக்கலோரியேட் எனப்படும் ஐபி பட்டயப் படிப்பின் வரலாற்றுப் பாடத்தில், இரண்டாம் தாளில் 90 நிமிடத்துக்குள் இரண்டு கட்டுரைகள் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 15 மதிப்பெண். கேம்பிரிட்ஜ் ஏ லெவல் வரலாற்றுத் தேர்விலும் ஒரு கூற்றைக் கொடுத்துவிட்டு, எவ்வளவு தூரம் ஏற்கிறீர்கள் என்று கேட்பது வழக்கம். சிங்கப்பூரில் தமிழ் மாணவர்கள் உட்பட ஏ லெவல் எழுதுவோர் சந்திக்கும் ஜெனரல் பேப்பர் தேர்விலும், வெளிநாடு செல்ல விரும்பும் செவிலியர்களும் பட்டதாரிகளும் எழுதும் ஐஇஎல்டிஎஸ் தேர்விலும் இதே வார்ப்பில் வினாக்கள் உண்டு. தேர்வுக்குத் தேர்வு நேரமும் நீளமும் மாறுகின்றன. விடையைத் திட்டமிடும் முறை பெரிதாக மாறுவதில்லை.

மேலே உள்ள வினா எந்த ஆண்டின் தாளிலிருந்தும் எடுத்ததல்ல; இவ்வகையில் வழக்கமாக வரும் வினாவின் மாதிரி. இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பிய வரலாறு படிக்கும் மாணவர்களுக்கு ஹிட்லரின் எழுச்சி நன்கு பழகிய பகுதி. தகவல் கைவசம் இருந்தும் விடை எங்கே சறுக்குகிறது என்பதைக் காண இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

கேட்பது என்ன?

‘உடன்படுகிறீர்களா?’ என்று கேட்டிருந்தால் ஆம் அல்லது இல்லை என்று ஒரு பக்கம் நின்றுவிடலாம். ‘எந்த அளவுக்கு’ என்பது சேர்ந்ததும் வேலை வேறாகிவிடுகிறது. தரப்பட்ட கூற்று எதுவரை செல்லுபடியாகிறது, எந்த இடத்தில் நின்றுபோகிறது, ஏன் அங்கே நிற்கிறது என்று காட்ட வேண்டும். தேர்வாளர் தேடுவது அந்த எல்லைக்கோட்டைத்தான்.

பலர் இதை ‘இரு பக்கமும் எழுது’ என்று புரிந்துகொள்கிறார்கள். ஆதரவாக இரண்டு பத்தி, எதிராக இரண்டு பத்தி, முடிவில் ‘எனவே இக்கூற்றுடன் ஓரளவுக்கு உடன்படலாம்’ என்று ஒரு வரி. எத்தனை ஓரளவு, எந்த ஓரம் என்பது கடைசிவரை தெரிவதில்லை. ஐபி வரலாற்றுக் கட்டுரைகளுக்கான மதிப்பீட்டு அளவுகோல் இதில் தெளிவாக இருக்கிறது. மேல்நிலை மதிப்பெண் பெற, விடை வினாவைவிட்டு விலகாமல் ஓட வேண்டும். வெவ்வேறு பார்வைகளை அடுக்கினால் போதாது, எடைபோட வேண்டும். முடிவு, காட்டிய சான்றுகளோடு பொருந்த வேண்டும். நிகழ்ச்சிகளை விவரிப்பதோடு நிற்கும் விடைகளுக்குக் கீழ்நிலைகள்தான்.

எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதற்காக யாருக்கும் மதிப்பெண் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. கூற்றைப் பெரும்பாலும் ஏற்கலாம், பெரும்பாலும் மறுக்கலாம். அந்த முடிவை எழுத உட்காரும் முன்பே எடுத்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அதற்குத்தான் முதல் எட்டு நிமிடம்.

எட்டு என்பது எந்த வாரியமும் விதித்த எண் அல்ல. 45 நிமிடக் கட்டுரைக்கு ஐந்து நிமிடத்துக்குக் குறைந்தால் திட்டம் வெறும் தலைப்புப் பட்டியலாக நின்றுவிடும். பத்தைத் தாண்டினால் எழுத நேரம் போதாது. எட்டு நிமிடம் திட்டத்துக்கு, 33 நிமிடம் எழுத, 4 நிமிடம் படித்துத் திருத்த என்று பிரித்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும்.

முதல் இரண்டு நிமிடம்: கூற்றைப் பிரித்தல்

மேற்கோள் குறிக்குள் இருப்பதால் அது யாரோ பெரியவர் சொன்னது என்று மாணவர்கள் மிரள்வதுண்டு. வரலாற்றுத் தாள்களில் வரும் இத்தகைய கூற்றுகள் பெரும்பாலும் வினா அமைப்பவர்களே எழுதியவை. விவாதத்துக்கு இடம் இருக்க வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே சற்று மிகைப்படுத்தியிருப்பார்கள். அந்த மிகை எந்தச் சொல்லில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

‘பெருமந்தமே காரணம்’ என்பதில் அந்த ஏகாரம் கனமானது. வேறு காரணம் ஏதும் இல்லை, அல்லது இதற்கு ஈடாக ஏதும் இல்லை என்கிறது கூற்று. ‘மட்டுமே’, ‘முதன்மையான’, ‘தவிர்க்க முடியாத’, ‘முற்றிலும்’, ‘எப்போதும்’ என்ற சொற்கள் வரும் வினாக்களிலும் இதே வேலைதான். அத்தகைய சொல்லின் கீழ் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும்.

அடுத்த கோடு ‘ஆட்சிக்கு வந்ததற்கு’ என்பதன் கீழ். இங்கேதான் பெரும்பாலோர் நிற்காமல் கடந்துபோகிறார்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தது ஒரே நிகழ்ச்சிபோலத் தோன்றினாலும், அதற்குள் இரண்டு நிகழ்ச்சிகள் இருக்கின்றன. அவருடைய நாஜிக் கட்சி பெருவாரியான வாக்குகளைப் பெற்றது ஒன்று. குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் அவரைச் சான்சலராக, அதாவது அரசின் தலைவராக, நியமித்தது இன்னொன்று. வாக்கு மக்கள் கொடுத்தது. பதவி ஒரு சிலர் மூடிய அறைக்குள் பேசிக் கொடுத்தது. பெருமந்தம் இந்த இரண்டையும் ஒரே அளவுக்கு விளக்குமா? இந்தக் கேள்வி எழுந்த நொடியில் கட்டுரைக்கு உயிர் வந்துவிடுகிறது.

அடுத்த மூன்று நிமிடம்: சான்றுகளை வரிசைப்படுத்தல்

தாளை இரண்டாக மடித்து ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு பத்திகள் போடுவது பழைய வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் நடுவில் மூன்றாவதாக ஒரு பத்தியும் தேவை. ‘ஆம், ஆனால்’ என்று அதற்குத் தலைப்பிடலாம். கூற்றை முழுக்க ஏற்காமலும் முழுக்க மறுக்காமலும் அதன் எல்லையைத் தொட்டுக் காட்டும் சான்றுகள் அங்கே போகும். மேல்நிலை மதிப்பெண்ணுக்கான சரக்கு பெரும்பாலும் இந்த நடுப்பத்தியில்தான் சேர்கிறது.

மாதிரி வினாவை எடுத்து நிரப்பிப் பார்க்கலாம்.

‘ஆம்’ பக்கம் எளிது. 1928 மே தேர்தலில் நாஜிக் கட்சிக்குக் கிடைத்த வாக்கு 2.6 சதவீதம், ஜெர்மன் நாடாளுமன்றமான ரைக்ஸ்டாக்கில் 12 இடம். அப்போது பொருளாதாரம் ஓரளவு நிமிர்ந்திருந்தது. 1929 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. ஜெர்மனி அமெரிக்கக் குறுகிய காலக் கடன்களை நம்பியிருந்ததால் அடி பலமாக விழுந்தது. 1930 செப்டம்பர் தேர்தலில் நாஜிகளுக்கு 18.3 சதவீதம், 107 இடம். 1932 தொடக்கத்தில் வேலையில்லாதோர் எண்ணிக்கை 60 லட்சத்தைத் தாண்டியது. அந்த ஆண்டு ஜூலையில் நாஜிகளுக்கு 37 சதவீதம் வாக்கு, 230 இடம். ரைக்ஸ்டாக்கின் மிகப் பெரிய கட்சி அதுதான். வேலையின்மையும் நாஜி வாக்கும் சேர்ந்தே ஏறியிருக்கின்றன.

‘இல்லை’ பக்கத்தில் என்ன எழுதுவது? வெர்சாய் உடன்படிக்கை, வைமர் குடியரசின் அரசியல் சட்டக் குறைகள், ஹிட்லரின் பேச்சுத் திறன், கோயபெல்ஸின் பிரச்சாரம் என்று பட்டியல் தயாராக இருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். வெர்சாய் உடன்படிக்கையும் அரசியல் சட்டமும் 1919 முதலே இருந்தவை. ஹிட்லரின் பேச்சுத் திறன் 1928இலும் இருந்தது. அப்போது வாக்கு 2.6 சதவீதத்தில் நின்றது ஏன் என்ற கேள்விக்கு இவை தனியாகப் பதில் சொல்லாது. காரணங்களைக் கூட்டுவதைவிட, எந்தக் காரணம் எதை விளக்குகிறது என்று பிரிப்பதுதான் பயன் தரும்.

உண்மையில் வலுவான ‘இல்லை’ வேறிடத்தில் இருக்கிறது. 1932 நவம்பரில் மறுபடி தேர்தல் நடந்தது. நாஜிகளின் வாக்கு 33 சதவீதமாக இறங்கியது. 230 இடம் 196 ஆனது. டிசம்பரில் கட்சியின் முக்கியத் தலைவர்களில் ஒருவரான கிரிகோர் ஸ்ட்ராசர் பொறுப்புகளைத் துறந்தார். கட்சி தளர்ந்துகொண்டிருந்த அந்த வேளையில்தான், 1933 ஜனவரி 30 அன்று, ஹிட்லர் சான்சலரானார். அதற்கு ஆறு மாதம் முன்பு, 1932 ஆகஸ்ட் 13 அன்று, 37 சதவீத வாக்கோடு சென்று அந்தப் பதவியைக் கேட்டபோது ஹிண்டன்பர்க் மறுத்திருந்தார். வாக்கு கூடியபோது கிடைக்காத பதவி, குறைந்தபோது கிடைத்திருக்கிறது. வாக்கைப் பெருக்கிய காரணமே பதவியையும் தந்தது என்று சொல்லும் எவரும் இந்த இடத்தில் தடுக்கி நிற்க வேண்டும்.

இடையில் நடந்தது என்ன? முன்னாள் சான்சலர் பாப்பன், தன் பதவிக்கு வந்த ஷ்லைக்கரை வீழ்த்த விரும்பினார். 1933 ஜனவரி 4 அன்று கொலோன் நகரில் ஷ்ரோடர் என்ற வங்கியாளரின் வீட்டில் ஹிட்லரைச் சந்தித்தார். தயங்கிய ஹிண்டன்பர்க்கை மெல்ல மெல்லச் சம்மதிக்கவைத்தார். புதிய அமைச்சரவையில் ஹிட்லரைச் சேர்த்து நாஜிகள் மூன்றே பேர். பாப்பன் துணைச் சான்சலர். ஹிட்லரைக் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்பது அந்தப் பழமைவாதிகளின் கணக்கு. அமெரிக்க வரலாற்றாசிரியர் ஹென்றி ஆஷ்பி டர்னர் அந்த ஜனவரி மாதத்தை மட்டுமே எடுத்து ஒரு முழு நூல் எழுதியிருக்கிறார். சில தனி மனிதர்களின் முடிவுகள் வேறாக இருந்திருந்தால் விளைவும் வேறாக இருந்திருக்கும் என்பது அவருடைய வாதம்.

இனி நடுப்பத்தி, ‘ஆம், ஆனால்’. இரண்டு செய்திகள் இங்கே இடம்பெறும்.

முதலாவது, வேலையிழந்தவர்கள் எல்லாரும் நாஜிகளுக்கு வாக்களித்துவிடவில்லை. நகரத் தொழிலாளரிடையே வேலையின்மையால் அதிகம் வளர்ந்தது கம்யூனிஸ்ட் கட்சி. 1928இல் 54 ஆக இருந்த அதன் இடங்கள் 1932 நவம்பரில் 100 ஆயின. நாஜிகளின் பெரும் பலம் புராட்டஸ்டண்ட் கிராமப்புறத்து விவசாயிகளிடமும், சிறு வணிகர், சிறு தொழில் செய்வோரிடமும் இருந்தது. அவர்களில் பலருக்கு வேலை போகவில்லை. கையில் இருப்பதும் போய்விடுமோ, கம்யூனிஸ்டுகள் வந்துவிடுவார்களோ என்ற அச்சம்தான் அவர்களை நகர்த்தியது. ஆக, பெருமந்தம் நேராக அல்ல, அச்சத்தின் வழியாக வேலை செய்திருக்கிறது.

இரண்டாவது, பாப்பனின் சூழ்ச்சிக்கு ஏன் ஹிட்லர் தேவைப்பட்டார் என்பது. 1932இன் இரண்டு தேர்தல்களிலும் நாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து ரைக்ஸ்டாக்கில் பாதிக்கு மேல் பிடித்திருந்தார்கள். குடியரசையே ஏற்காத இந்த இரு கட்சிகளையும் தவிர்த்துவிட்டுப் பெரும்பான்மை அமைக்க வழியே இல்லை. சான்சலர்கள் அரசியல் சட்டத்தின் 48ஆவது பிரிவின்படி ஹிண்டன்பர்க்கின் அவசர ஆணைகளை நம்பி ஆட்சி நடத்தினார்கள். அதனால்தான் ஒரு முதியவரின் மனமும் அவரைச் சுற்றியிருந்த சிலரின் பேச்சும் நாட்டின் தலைவிதியைத் தீர்மானிக்கும் நிலை வந்தது. அப்படி ஒரு நாடாளுமன்றத்தை உருவாக்கியதில் பெருமந்தத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

திட்டத்தாளில் இவ்வளவையும் வாக்கியமாக எழுத நேரமில்லை, எழுதவும் கூடாது. ‘28: 2.6’, ‘ஜூலை 32: 37’, ‘நவ 32: 33’, ‘ஆக 13 மறுப்பு’, ‘ஜன 4 கொலோன்’, ‘கம்யூ 54-100’ என்று குறிகளாகப் போட்டால் மூன்று நிமிடம் போதும்.

ஒரு நிமிடம்: தீர்ப்பு வாக்கியம்

சான்றுகள் கண்முன் வந்ததும், முழு விடையையும் தாங்கும் ஒரே ஒரு வாக்கியத்தை எழுத வேண்டும். எட்டு நிமிடத்தில் மிக விலையுயர்ந்த நிமிடம் இதுதான். அந்த வாக்கியத்தில் மூன்று உறுப்புகள் இருக்க வேண்டும்: கூற்று எதுவரை சரி, எங்கே நிற்கிறது, ஏன்.

மாதிரி வினாவுக்கு அது இப்படி அமையலாம்: ‘நாஜிக் கட்சியை யாரும் ஒதுக்கிவிட முடியாத பெரிய கட்சியாக்கியது பெருமந்தமே, ஆனால் வாக்கு இறங்கிய நேரத்தில் ஹிட்லருக்குப் பதவி கிடைத்ததை அது விளக்காது, ஏனெனில் அந்த முடிவு ஹிண்டன்பர்க்கைச் சுற்றியிருந்த சிலரின் தவறான கணக்கில் பிறந்தது.’

இதைப் படிக்கும் தேர்வாளருக்கு விடையின் போக்கு முழுவதும் தெரிந்துவிடுகிறது. ‘ஓரளவுக்கு’ என்ற சொல்லே இதில் இல்லை என்பதையும் கவனிக்கலாம். அளவை ஒரு சொல்லால் சொல்லாமல், எது வரை என்று சுட்டிக் காட்டியிருக்கிறது.

கடைசி இரண்டு நிமிடம்: பத்தி வரிசை

பத்திகளின் முதல் வாக்கியங்களை மட்டும் வரிசையாகக் குறித்துக்கொள்ள வேண்டும். திட்டத்தாளின் அடியில் அது இப்படி இருக்கும்:

1. பெருமந்தம் இல்லாமல் நாஜிகள் சிறு கட்சியாகவே இருந்திருப்பார்கள்.
2. ஆனால் அது நேராக வாக்கு தரவில்லை; விவசாயிகள், சிறு வணிகரின் அச்சத்தை நாஜிகள் திறமையாகப் பயன்படுத்தினார்கள்.
3. பதவி கிடைத்ததற்கு வாக்கு காரணம் அல்ல. 1932 ஆகஸ்டையும் 1933 ஜனவரியையும் ஒப்பிட்டால் தெரியும்.
4. ஆயினும் அந்தச் சூழ்ச்சிக்கு இடம் கொடுத்தது பெருமந்தம் உடைத்த நாடாளுமன்றம்.

நான்காவது பத்தி கூடுதல் கவனம் பெற வேண்டியது. மூன்று பத்திகளோடு நின்றால் ‘வாக்குக்கு இது, பதவிக்கு அது’ என்று இரண்டு காரணங்கள் அருகருகே நிற்கும். நான்காவது பத்தி அவற்றுக்கு இடையிலான தொடர்பைச் சொல்கிறது. இந்தப் பத்தியின் முடிவில் ஓர் ஒப்பீட்டையும் வைக்கலாம். பெருமந்தம் அமெரிக்காவையும் கடுமையாகத் தாக்கியது; 1933இல் அங்கே உழைப்பாளரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. அங்கே தேர்தல் வழியாக ரூஸ்வெல்ட் வந்தார், குடியரசு நிலைத்தது. எனவே மந்தம் மட்டும் போதாது. அதைத் தாங்க முடியாத அரசியல் அமைப்பும், குடியரசைக் காக்க விரும்பாத மேல்தட்டும் சேர வேண்டியிருந்தது. வெர்சாய் உடன்படிக்கையையும் அரசியல் சட்டக் குறைகளையும் இங்கே ஓரிரு வரியில் சொல்லலாம். இப்போது அவை பட்டியலாக நிற்காமல் வாதத்துக்குள் வந்துவிடுகின்றன.

எழுதும் 33 நிமிடத்தில் முன்னுரைக்கு 4, நான்கு பத்திகளுக்குச் சேர்த்து 26, முடிவுரைக்கு 3 என்பது கணக்கு. முன்னுரையில் ஹிட்லர் பிறந்த ஊரும் முதல் உலகப் போரும் வேண்டாம். ‘ஆட்சிக்கு வந்தது’ என்பதை இரண்டாகப் பிரித்துக்காட்டி, தீர்ப்பு வாக்கியத்தை வைத்தால் முன்னுரை முடிந்தது. முடிவுரையில் புதுச் சான்று எதுவும் நுழையக் கூடாது. நான்காவது பத்தி தந்த தெளிவோடு தீர்ப்பை இன்னும் கூர்மையாகச் சொன்னால் போதும்.

எங்கே தவறுகிறது, எப்படித் தெரியும்?

திட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நல்ல சோதனை, பத்திகளின் முதல் வாக்கியங்களை மட்டும் படிப்பது. அவை ‘1929இல்’, ‘அதன் பிறகு’, ‘1932இல்’ என்று தொடங்கினால் விடை கதையாகப் போகிறது என்று பொருள். ‘மற்றொரு காரணம்’, ‘இன்னொரு காரணம்’ என்று தொடங்கினால் அது பட்டியல். மேலே உள்ள நான்கு வாக்கியங்களைப் போல ஒவ்வொன்றும் வாதாடினால், இடையில் ‘ஆனால்’, ‘ஆயினும்’ வந்து ஒன்றை ஒன்று பிடித்திழுத்தால், அது கட்டுரை.

இன்னொரு தவறு சற்று நுட்பமானது. தரப்பட்ட காரணத்துக்கு ஒரு பத்தி கொடுத்துவிட்டு, தனக்கு நன்றாகத் தெரிந்த வேறொரு காரணத்துக்குத் தாவிவிடுவது. பிரச்சாரத்தைப் பற்றி நிறையப் படித்தவர் மீதி மூன்று பக்கமும் பிரச்சாரத்தையே எழுதுவார். பெருமந்தம் என்ற சொல் இரண்டாம் பக்கத்துக்குப் பிறகு கண்ணிலேயே படாது. பிரச்சாரத்தை எழுதலாம், ஆனால் அது பெருமந்தத்தைவிட அதிகமாக விளக்குகிறதா, குறைவாகவா என்று ஒவ்வொரு முறையும் கூற்றோடு சேர்த்து எடைபோட வேண்டும். கூற்றின் முக்கியச் சொல் ஒவ்வொரு பத்தியிலும் ஒருமுறையாவது வருகிறதா என்று கடைசி நான்கு நிமிடத்தில் பார்த்தால் இந்தத் தவறு பிடிபடும்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே மனம் மாறுவதும் உண்டு. மூன்றாவது பத்தியில் வரும்போது கூற்று முன்பு நினைத்ததைவிடச் சரியென்றோ தவறென்றோ தோன்றலாம். அது நல்ல சிந்தனையின் அடையாளம்தான். ஆனால் முன்னுரை ஒன்று சொல்ல, முடிவுரை வேறொன்று சொன்னால் மதிப்பெண் போகும். முன்னுரைத் தீர்ப்பின் கீழே ஓரிரு வரி விட்டு எழுதுவதும், கடைசி நான்கு நிமிடத்தில் அந்த வாக்கியத்தைத் திருத்துவதும் இதற்கு வழி.

சில வேளை திட்டம் போடும்போதே நடுப்பத்தி காலியாக நிற்கும். பெயர், ஆண்டு, எண் எதுவும் நினைவுக்கு வராமல் பொதுவான வாக்கியங்களே வந்தால், வினா எளிதாகத் தோன்றினாலும் அதைவிட்டு வேறு வினாவுக்குப் போவது நல்லது. நான்காவது நிமிடத்தில் மாற்றினால் இழப்பு குறைவு. இருபதாவது நிமிடத்தில் மாற்றினால் மீள முடியாது.

மற்றத் தேர்வுகளில்

சிங்கப்பூரின் ஜெனரல் பேப்பரில் ஒரே கட்டுரைக்கு 90 நிமிடம் கிடைக்கிறது. நீளம் 500 முதல் 800 சொற்கள். திட்டத்துக்குப் பதினைந்து நிமிடம் தாராளமாக எடுக்கலாம். அங்கே பாடநூல் சான்றுகள் கிடையாது. எல்லைக்கோட்டை யாருக்கு, எந்த நாட்டில், எந்தச் சூழலில் என்ற கேள்விகளால் தேட வேண்டும். ‘சமூக ஊடகம் மனிதரைத் தனிமைப்படுத்துகிறது’ என்று கூற்று வந்தால், ஒரே ஊரில் நண்பர்களோடு வாழும் பதின்வயதினருக்கும், கடல் தாண்டி வேலை செய்யும் தொழிலாளிக்கும் அது ஒரே அளவுக்கு உண்மையா என்று பிரித்தால் போதும், கட்டுரை நகரத் தொடங்கிவிடும்.

ஐஇஎல்டிஎஸ் இரண்டாம் பணிக்கு 40 நிமிடம், குறைந்தது 250 சொற்கள். முதல் பணியைப்போல் இரண்டு மடங்கு எடை அதற்கு உண்டு. ஐந்து நிமிடத் திட்டமும் இரண்டு பத்திகளும் போதுமானவை. நிலைப்பாடு தொடக்கம் முதல் இறுதிவரை தெளிவாக இருக்க வேண்டும் என்பது அங்கே மதிப்பீட்டின் ஒரு பகுதி. எனவே நான்கு பத்தி நுணுக்கத்தை 250 சொற்களுக்குள் திணிக்கக் கூடாது. முழுதாக உடன்பட்டு எழுதினாலும் குறையொன்றும் இல்லை.

இந்தத் திறன் முழுக் கட்டுரைகளை எழுதி எழுதித்தான் வர வேண்டும் என்பதில்லை. பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, எட்டு நிமிடம் வைத்து, திட்டத்தை மட்டும் போட்டு நிறுத்திவிடலாம். ஒரு முழுக் கட்டுரை எழுதும் நேரத்தில் ஐந்து வினாக்களுக்குத் திட்டம் போட்டுவிட முடியும். ஆசிரியர்களும் வாரம் ஒருமுறை கட்டுரைக்குப் பதிலாகத் திட்டத்தாளை வாங்கித் திருத்தட்டும். அதில் தீர்ப்பு வாக்கியம் இருக்கிறதா, கூற்று எங்கே நிற்கிறது என்று அது சொல்கிறதா என்ற இரண்டை மட்டும் பார்த்தால் போதும். தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும் மாணவர்கள் இதை இந்த வாரமே தொடங்கலாம்.